ஒரு பத்திக்கு இரண்டு நிமிடம்

2021 நவம்பர் முதல் கென்யாவின் நைரோபியில் ஒரு வேலை நடந்தது. திரையில் ஒரு பத்தி வரும். அதைக் கடைசி வரை படிக்க வேண்டும். அது எந்த வகை, எவ்வளவு கடுமை என்று குறியிட வேண்டும். அடுத்த பத்தி வரும். மொத்தம் ஏறத்தாழ மூன்று டஜன் பேர், மூன்று குழுக்கள். பாலியல் கொடுமை ஒரு குழுவுக்கு, வெறுப்புப் பேச்சு இன்னொன்றுக்கு, வன்முறை மூன்றாவதற்கு. வேலையைக் கொடுத்தது அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ. எடுத்துச் செய்தது சாமா என்ற நிறுவனம். இதன் தலைமையகம் சான்பிரான்சிஸ்கோவில், ஆட்கள் கென்யா, உகாண்டா, இந்தியாவில்.

2023 ஜனவரியில் டைம் இதழ் ஒப்பந்தங்களையும் சம்பளச் சீட்டுகளையும் பார்த்து எழுதிய பிறகுதான் இந்த வேலை வெளியே தெரிந்தது. அதற்குள் ஓப்பன்ஏஐயின் சாட்ஜிபிடி வெளியாகி உலகம் முழுக்கப் பேச்சாகியிருந்தது. இதே போன்ற வேலை பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் வேலையின் விலை, வேகம், முடிவு மூன்றும் எண்களோடு வெளியே வந்த நிகழ்வுகள் குறைவு. அதனால்தான் இந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

பத்தியை ஏன் ஒரு மனிதர் படிக்க வேண்டும்

சாட்ஜிபிடிக்கு முந்தைய ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி, அதாவது எழுத்தை உருவாக்கும் நிரல், இணையத்திலிருந்து அள்ளிய எழுத்தில் பயின்றது. இணையத்தில் என்ன இருக்கிறதோ அதுவும் அதோடு உள்ளே போயிற்று. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இனவெறியும் பெண் வெறுப்பும் வெளியே கொட்டும். அவ்வளவு எழுத்தையும் ஆட்களை வைத்துப் படித்துக் களையெடுப்பது நடக்காத காரியம். அதனால் சமூக ஊடக நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவந்ததையே ஓப்பன்ஏஐயும் செய்தது. பெரிய மாதிரியின் வாசலில் ஒரு சின்ன மாதிரியைக் காவல் வைத்தது. பெரியது எழுதுவதைச் சின்னது பார்க்கும், மோசமென்றால் பயனரிடம் போகாமல் தடுக்கும். பயிற்சிக்கு எடுக்கும் எழுத்தைச் சலித்தெடுக்கவும் அதே காவல் உதவும்.

சரி, அந்தக் காவலுக்கு எது மோசம் என்று யார் சொல்லித்தருவது? கெட்ட வார்த்தைப் பட்டியல் போதாது. ஒரு மருத்துவக் குறிப்பிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் அதே வார்த்தைகள் வரும். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் மிகக் கொடூரமான ஒன்றை எழுதவும் முடியும். ஆகவே எடுத்துக்காட்டுகள் வேண்டும். இது வன்முறை, இது வன்முறையைப் பற்றிய செய்தி, இது இரண்டும் இல்லை என்று ஆயிரக்கணக்கில் மனிதக் கையால் குறியிட்டவை. பல்லாயிரம் பத்திகள் நைரோபிக்கு அனுப்பப்பட்டது இதற்காகத்தான். இதில் ஒரு கசப்பு இருக்கிறது. காவல் நன்றாகக் கற்க வேண்டுமென்றால் படிப்பவருக்குப் போகும் பத்திகள் மோசமானவையாக இருந்தே ஆக வேண்டும். பயனர் ஒருபோதும் பார்க்கக்கூடாது என்று நினைப்பதைத் தேடித் திரட்டி முதலில் இவர் முன் வைக்கிறார்கள். சிறுவர் மீதான பாலியல் கொடுமை, கொலை, தற்கொலை, சித்திரவதை எல்லாவற்றின் விவரணைகளும் அந்தப் பத்திகளில் இருந்தன.

சமூக ஊடகப் பதிவுகளைப் பார்த்து மோசமானதை நீக்கும் மட்டுறுத்தல் வேலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மட்டுறுத்துநர் ஒரு பதிவை நீக்கினால் அது நீங்கிவிடுகிறது. யாரோ ஒருவருக்கு அது வராமல் போயிற்று என்ற திருப்தியாவது அவருக்கு மிஞ்சும். குறியிடுபவர் எதையும் நீக்குவதில்லை. அவர் இட்ட குறி ஒரு கோப்புக்குள் போகிறது, அவ்வளவுதான்.

ஆவணங்களில் பதில் இல்லாத ஒரு கேள்வி

டைம் பார்த்த ஆவணங்களில் ஒரு சம்பவம் இருந்தது. குறியிட வந்த பத்தி ஒரு கற்பனைக் கதை. தொடக்கத்தில் நடப்பது வெளிப்படையான பாலியல் வன்கொடுமை. கதை போகப்போக, பாதிக்கப்படுபவர் இணங்குவது போல எழுதியிருக்கிறார்கள். படித்த ஊழியருக்குக் குழப்பம். இதைப் பாலியல் வன்முறை என்று குறியிடுவதா, வேண்டாமா என்று ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களிடம் கேள்வி அனுப்பினார். அதற்கு வந்த பதில் எதுவும் அந்த ஆவணத்தில் பதிவாகவில்லை.

இந்தத் தொழிலின் நெருக்கடி முழுக்க இந்தச் சின்னச் சம்பவத்துக்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் குறியிடல் என்பது பெட்டியில் டிக் அடிக்கும் வேலை. உண்மையில் தெளிவான பத்திகள் யாரையும் நிறுத்துவதில்லை. இரண்டு வகைக்கு நடுவே நிற்பவைதான் நேரத்தைத் தின்னும். அவற்றை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். எந்த வரியில் நிலைமை மாறுகிறது என்று தேட வேண்டும், எழுதியவரின் நோக்கம் என்ன என்று ஊகிக்க வேண்டும். அதாவது மோசமான பத்தியில் மிக மோசமான இடத்தில்தான் கவனம் மிக அதிகமாகக் குவிகிறது. மேலோட்டமாகப் படித்துத் தப்பிக்க வழியில்லை.

பதில் வராவிட்டால் என்ன ஆகும்? வரிசையில் அடுத்த பத்தி காத்திருக்கும். ஊழியர் தன் ஊகத்தை இடுவார். இந்தத் துறையில் தரத்தை அளக்க வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. ஒரே பத்தியை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் விடை ஏற்கெனவே முடிவான பத்திகளை யாருக்கும் சொல்லாமல் நடுநடுவே நுழைப்பார்கள். இரண்டு வழியிலும் குறி பொருந்தாமல் போனால் பழி முதலில் விழுவது ஊழியரின் மதிப்பெண் மீது. விதிமுறை ஓட்டையாக இருந்ததா, ஆள் கவனக்குறைவாக இருந்தாரா என்று அந்த எண் பிரித்துக் காட்டாது. பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. தவறுகள் ஒரே ஒருவரிடம் குவிந்தால் ஆளைப் பார்க்கலாம். பலரும் ஒரே வகைப் பத்தியில் தடுமாறினால் விதிமுறையைத்தான் திருத்த வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்க முடிவது மேலாளருக்கு, விதிமுறையைத் திருத்த முடிவது வாடிக்கையாளருக்கு. பத்தியைப் படிப்பவரின் கையில் இரண்டும் இல்லை.

ஒன்பது மணி நேரத்தை வகுத்துப் பார்த்தால்

ஒன்பது மணி நேர ஷிப்ட் ஒன்றில் 150 முதல் 250 பத்திகள் வரை படித்துக் குறியிட வேண்டியிருந்தது என்று ஊழியர்கள் டைமிடம் சொன்னார்கள். பத்தி ஒன்று 100 சொல்லாகவும் இருக்கலாம், 1,000 சொல்லைத் தாண்டியும் போகலாம். சாமா இதை மறுத்தது. ஒரு ஷிப்டுக்கு 70 பத்திகள்தான் எதிர்பார்த்தோம் என்றது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டையும் வகுத்துப் பார்க்கலாம். ஒன்பது மணி நேரம் என்றால் 540 நிமிடம். 250 பத்திகள் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். 150 என்றால் மூன்றரை நிமிடம். 70 என்றால் ஏழரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். இது சாப்பாடு, இடைவேளை எதையும் கழிக்காத கணக்கு.

இப்போது 1,000 சொல் பத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 சொல் என்ற நிதானமான வேகத்தில் ஒரு முறை படிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு நிமிடக் கணக்கில் ஓடுபவர் இதில் மட்டும் மூன்று நிமிடம் பின்தங்குகிறார். மேலே சொன்ன கதை போன்ற ஒன்று வந்தால் இன்னும் சில நிமிடம் போய்விடும். அதை ஈடுகட்ட அடுத்த சில பத்திகளை விரட்டிப் படிக்க வேண்டும். 70 என்ற கணக்கில் இந்த விரட்டல் பெரும்பாலும் தேவைப்படாது. 250 என்ற கணக்கில் அது தப்பாது. எண்ணிக்கையைப் பத்தியில் வைக்காமல் சொல்லில் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. பத்தி என்பது அளவுகோலே இல்லை. நெல்லை மூட்டைக் கணக்கில் வாங்கிவிட்டு எந்த அளவு மூட்டை என்று சொல்லாமல் விடுவது போன்றது அது.

இந்த வேகத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகும் நேரத்தில் பத்திகள் நகராது. இலக்கு மட்டும் அப்படியே இருக்கும். ஆலோசனைக் கூட்டங்கள் இருந்தன, ஆனால் வேலை நெருக்கடியால் அவை அபூர்வமாகத்தான் நடந்தன, உதவவும் இல்லை என்று ஊழியர்கள் சொன்னார்கள். குழுவாக மட்டுமே உட்கார வைத்தார்கள் என்றனர் இரண்டு பேர். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டும் கிடைக்கவில்லை என்றார் இன்னொருவர். தனி ஆலோசனை, குழு ஆலோசனை இரண்டுமே முறையான பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு எந்நேரமும் கிடைத்தன என்றது சாமா. இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் வேடிக்கை. ஆலோசகரின் கதவு திறந்தே இருக்கலாம். எழுந்து போனால் இலக்கு போய்விடும் என்றால் யார் எழுந்து போவார்கள்?

பணம் எங்கே நின்றது

2021 இறுதியில் கையெழுத்தான மூன்று ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 2,00,000 டாலர். அதில் ஓப்பன்ஏஐ சாமாவுக்குத் தர ஒப்புக்கொண்டது மணிக்கு 12.50 டாலர். கீழ்நிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் மாதத்துக்கு 21,000 கென்ய ஷில்லிங், அன்றைக்கு ஏறத்தாழ 170 டாலர். படிப்பது மோசமான பொருள் என்பதற்காக மாதம் சுமார் 70 டாலர் ஊக்கத்தொகை. வரி போகக் கைக்கு வந்தது, தரச் சரிபார்ப்பாளரின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்கு 1.32 முதல் 2 டாலர் வரை. சாமா தன் பங்குக்கு வரிக்குப் பின் 1.46 முதல் 3.74 டாலர் வரை ஈட்ட முடிந்தது என்றது. அந்த 12.50 ஊழியரின் சம்பளத்துக்கு மட்டுமல்ல, கட்டடம், சலுகைகள், குழுத் தலைவர்கள், சரிபார்ப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்றும் விளக்கியது.

அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. இடைநிலை நிறுவனம் எதுவும் வாங்குவதை அப்படியே கொடுத்துவிட முடியாது. ஆனால் அதே கணக்கை மேலே கொண்டுபோய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மொத்தத் தொகையையும் மணிக்கு 12.50 என்று வகுத்தால் 16,000 மணி நேரம் வருகிறது. 36 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐம்பது ஷிப்டுக்குச் சற்றுக் குறைவு. சாட்ஜிபிடியின் பாதுகாப்புக்காக இந்த வேலைக்கு ஒதுக்கியதே இவ்வளவு சின்னத் தொகைதான். மணிக்கு ஒரு டாலரைக் கூட்டி நேராக ஊழியரின் கைக்குக் கொடுத்திருந்தால் மொத்தச் செலவு 16,000 டாலர் ஏறியிருக்கும். ஒப்பந்தம் பேசும்போது அந்த டாலரை வலியுறுத்திக் கேட்கும் இடத்தில் ஊழியர் யாரும் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

எழுத்திலிருந்து படத்துக்கு

2022 பிப்ரவரியில் வேலை திசை மாறியது. மோசமான படங்களைத் திரட்டித் தரும் ஒரு வெள்ளோட்டத்தைச் சாமா எடுத்தது. முதல் தொகுதியாக 1,400 படங்கள் ஓப்பன்ஏஐக்குப் போயின. அவற்றில் சில `C4` என்ற குறியுடன் இருந்தன. சிறுவர் மீதான பாலியல் கொடுமைக்கு ஓப்பன்ஏஐ தன் உள்வழக்கில் வைத்திருந்த குறி அது. பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கான `C3`, மரணத்தையும் வன்முறையையும் அப்பட்டமாகக் காட்டும் `V3` குறியுள்ளவையும் இருந்தன. அந்தத் தொகுதிக்கான கட்டணம் 787.50 டாலர்.

அமெரிக்காவில் `C4` வகைப் படத்தை வைத்திருப்பதே சட்டவிரோதம். சில வாரங்களுக்குள் சாமா ஓப்பன்ஏஐக்கான எல்லா வேலையையும் நிறுத்திவிட்டது. இது தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறு, அந்த வகைப் படங்களை நாங்கள் கேட்கவே இல்லை, வந்ததைத் திறந்து பார்க்கவும் இல்லை என்றது ஓப்பன்ஏஐ. நல்லது. ஆனால் அனுப்பப்பட்டவற்றுக்குக் குறி இருந்தது, குறி இருந்தால் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த யாரோ இருந்தது நைரோபியில்.

வேலை நின்றதும் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வேலை ஒழிந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். பெரும்பாலானோரைக் குறைந்த சம்பள வேலைகளுக்கு மாற்றினார்கள், 70 டாலர் ஊக்கத்தொகை போயிற்று. சிலருக்கு வேலையே போயிற்று. கடைசித் தொகுதி மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டது, ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டாவது மாதமான நவம்பரில்தான் சாட்ஜிபிடி வெளியானது.

முதலாளி யார்

சாட்ஜிபிடி வேலை பற்றிய செய்தி வருவதற்கு முன்பே சாமாவின் நைரோபி அலுவலகம் வழக்கில் சிக்கியிருந்தது. அதே நிறுவனம் ஃபேஸ்புக்குக்காகவும் உள்ளடக்க மட்டுறுத்தல் செய்துவந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த வேலைக்கு வந்த டேனியல் மொடாவுங், சக ஊழியர்களை ஒன்றுதிரட்டப் பார்த்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லி 2022 மே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, சாமா இரண்டின் மீதும் கென்யாவில் வழக்குத் தொடுத்தார். 2023 ஜனவரியில் சாமா மட்டுறுத்தலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. வேலையிழந்தவர்களில் 180-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து இன்னொரு வழக்குப் போட்டார்கள்.

மெட்டாவின் வாதம் எளிது. கென்யாவில் எங்களுக்கு அலுவலகம் இல்லை, இவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, இங்கே எங்கள் மீது வழக்குப் போட முடியாது. தாளில் பார்த்தால் சரிதான். பணி நியமனக் கடிதம் தந்தது சாமா, சம்பளம் போட்டது சாமா. 2023 ஜூனில் நீதிபதி பைரம் ஒங்காயா இடைக்கால உத்தரவில் வேறு கோணத்தில் பார்த்தார். செய்யப்படுவது யாருடைய வேலை, எந்த மென்பொருளுக்குள் நடக்கிறது என்று கேட்டால் இரண்டுக்கும் விடை மெட்டா. ஆகவே முதன்மை முதலாளி மெட்டா, சாமா அதன் முகவர் என்றார். மெட்டா மேல்முறையீடு செய்தது. இடையில் சமரசப் பேச்சு நடந்து முறிந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மெட்டா மீது கென்யாவில் வழக்கு நடத்தலாம் என்று உறுதி செய்தது.

என் பார்வையில் அந்த உத்தரவில் முக்கியமானது மென்பொருள் பற்றிய வாதம். குறியிடல் வேலையில் தொழிற்சாலையும் இயந்திரமும் எல்லாமே அந்தத் திரைதான். எத்தனை பத்தி, எந்த வரிசை, எந்த விதி என்பவை அங்கேதான் தீர்மானமாகின்றன. கட்டடத்தின் வாடகையை யார் கட்டுகிறார் என்பதைப் பார்த்து முதலாளியைக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கம் இங்கே செல்லாது.

அதே ஜூன் உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது. இதுவரை தந்துவந்த நலன் ஆலோசனைக்குப் பதிலாக முறையான மருத்துவ, மனநல, உளவியல் சிகிச்சை தர வேண்டும் என்பது அது. வழக்கின் போக்கில் 144 மட்டுறுத்துநர்களை நைரோபியின் கென்யாட்டா தேசிய மருத்துவமனை மனநலத் துறைத் தலைவர் பரிசோதித்தார். எல்லோருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்தது, ஐந்தில் நான்கு பேருக்கு அது கடுமையாக இருந்தது என்ற விவரம் 2024 டிசம்பரில் வெளியானது. இந்த எண்ணை அளவோடு பயன்படுத்த வேண்டும். இவர்கள் தாங்களாகவே பரிசோதனைக்கு முன்வந்த வழக்குதாரர்கள், அதனால் எல்லா மட்டுறுத்துநர்களின் சராசரி இது என்று சொல்ல முடியாது. பார்த்ததும் படமும் காணொளியும்; சாட்ஜிபிடிக்காகப் படித்தவர்களுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

சாட்ஜிபிடிக்காகப் பத்திகளைப் படித்துக் குறியிட்டவர்களின் குழு 2022 மார்ச்சிலேயே கலைந்துவிட்டது. அவர்களில் நான்கு பேர் 2023 ஜூலையில் கென்ய நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வேலையை வெளிநாட்டு நிறுவனங்கள் கென்யாவுக்கு அனுப்பும் முறையை விசாரிக்க வேண்டும், அதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். தீங்கான உள்ளடக்கத்துக்கு ஆட்படுவதையே தொழில்சார் ஆபத்தாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று.